டிரான்ஸ்ஃபர் லாக்கும் காலாவதி நாளும் மோதும்போது

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் .com டொமைன் ஐந்து வருடமாக ஒரே ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது. 2026 ஏப்ரல் 10 அன்று காலாவதியாகிறது. அதற்குள் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிவிடலாம் என்று மார்ச் 3 அன்று வேலையைத் தொடங்கினேன். பதிவில் பழைய ஊழியர் ஒருவரின் பெயரும் இமெயிலும் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். பேனலில் லாக்கை எடுத்தேன், ஆத் கோடு வாங்கினேன், புதிய இடத்தில் பணமும் கட்டினேன். மறுநாளே டிரான்ஸ்ஃபர் நிராகரிக்கப்பட்டது. கேட்டால், மே 2 வரை எதுவும் செய்ய முடியாது என்கிறார்கள். புதுப்பிப்புக் கட்டணத்தை வாங்கவே இழுத்தடிக்கிறார்களா? இங்கேயும் கட்டி அங்கேயும் கட்டினால் ஒரே வருடத்துக்கு இரண்டு முறை செலவு அல்லவா? இதற்கிடையில் இணையதளமும் மெயிலும் நின்றுபோகுமா?

பதில்: முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஏப்ரல் 10 வரை காத்திருக்காமல், இப்போது இருக்கும் ரெஜிஸ்ட்ராரிடமே ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிடுங்கள். மே 2 தாண்டிய பிறகு டிரான்ஸ்ஃபரை மறுபடி தொடங்குங்கள். இந்த வரிசையில் செய்தால் நீங்கள் கட்டும் இரண்டு வருடப் பணத்துக்கும் இரண்டு வருடம் கிடைக்கும். புதுப்பிப்பது காலாவதிக்கு முன்பா பின்பா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கீழே வருகிறேன்.

உங்கள் ரெஜிஸ்ட்ரார் இழுத்தடிக்கவில்லை. .com போன்ற பொது டொமைன்களுக்கு, உலக டொமைன் அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகேன் வகுத்த டிரான்ஸ்ஃபர் கொள்கைதான் இந்த 60 நாள் தடையைச் சொல்கிறது. 2016 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருடைய பெயர், நிறுவனப் பெயர், இமெயில் ஆகிய மூன்றில் எதை மாற்றினாலும் அது பதிவுதாரர் மாற்றமாகக் கருதப்படும். அன்றிலிருந்து 60 நாளுக்கு அந்த டொமைன் வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போக முடியாது. நீங்கள் மூன்றில் இரண்டை மாற்றியிருக்கிறீர்கள். எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தாலோ, முகவரியையோ தொலைபேசி எண்ணையோ மட்டும் மாற்றியிருந்தாலோ இந்தத் தடை வந்திருக்காது. மார்ச் 3-லிருந்து எண்ணினால் 60-ஆவது நாள் மே 2. அவர்கள் சொன்ன கணக்கு சரியானதுதான்.

இப்படி ஒரு விதி ஏன் வந்தது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் தணியும். டொமைன் திருடுகிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய நீங்கள் செய்த அதே வரிசைதான். யாருடைய கணக்குக்குள்ளாவது நுழைவார்கள், பதிவுதாரரின் இமெயிலைத் தங்களுடையதாக மாற்றுவார்கள், லாக்கை எடுப்பார்கள், கோடு வாங்குவார்கள், உரியவர் கவனிப்பதற்குள் டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கிருந்து இன்னொரு இடம், பிறகு இன்னொரு இடம் என்று நகர்த்திவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. 60 நாள் ஒரே ரெஜிஸ்ட்ராரிடம் நின்றால், உரியவர் விழித்துக்கொள்ளவும் ரெஜிஸ்ட்ரார் மாற்றத்தைத் திருப்பவும் நேரம் இருக்கும். நல்ல நோக்கம்தான். ஆனால் நேர்மையாகச் செய்கிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது என் அனுபவம். ஐகேனின் கொள்கை மறுஆய்வுக் குழுவே இந்தத் தடையை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது. அந்தப் பரிந்துரை விதியாக நடைமுறைக்கு வரும்வரை 60 நாள் 60 நாள்தான்.

இதில் ஒரு விலக்கு உண்டு. இந்தத் தடை வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பைப் பதிவுதாரருக்குக் கொடுக்க ரெஜிஸ்ட்ராருக்கு அனுமதி இருக்கிறது. விவரங்களை மாற்றும் பக்கத்தில், சேமிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் சிறிய டிக் பெட்டியாக அது இருக்கும். பெரும்பாலானோர் அதைப் படிக்காமலே கடந்துவிடுவார்கள். எல்லா ரெஜிஸ்ட்ராரும் இதைக் கொடுப்பதில்லை, கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முக்கியமாக, மாற்றத்தைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே டிக் செய்திருக்க வேண்டும். மாற்றம் முடிந்த பிறகு கேட்டால் ரெஜிஸ்ட்ராரே நினைத்தாலும் கொள்கைப்படி எடுக்க முடியாது. தடை இருக்கும்போது வரும் டிரான்ஸ்ஃபரை அவர் மறுத்தே ஆக வேண்டும். அதனால் வாடிக்கையாளர் சேவையிடம் தினமும் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: தடை முடியும் சரியான தேதியும் நேரமும். பதிவுதாரர் மாற்றத்துக்குப் பழையவரும் புதியவரும் ஒப்புதல் தர வேண்டும் என்பதால், நீங்கள் பேனலில் சேமித்த நாள் ஒன்றாகவும் மாற்றம் முழுமையான நாள் வேறாகவும் இருக்கலாம். 60 நாள் ஓடத் தொடங்குவது மாற்றம் முழுமையான நாளிலிருந்து.

சரி, அந்த இமெயிலை மாற்றியிருக்கவே வேண்டுமா? இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபர் தொடங்கியதும், டொமைனை இழக்கும் பழைய ரெஜிஸ்ட்ரார் பதிவுதாரரின் இமெயிலுக்கு ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் அனுப்புவார். “அந்த முகவரி செத்துப்போயிற்று, யார் ஒப்புதல் கொடுப்பது” என்று பயந்துதான் பலர் முதலில் இமெயிலை மாற்றுகிறார்கள். ஆனால் அந்தக் கடிதத்துக்கு ஐந்து நாள் யாரும் பதில் சொல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபர் தானாகவே நிறைவேறும். மௌனம் அங்கே சம்மதம்தான். பதில் வரவில்லை என்பதைக் காரணமாகக் காட்டி ரெஜிஸ்ட்ரார் மறுக்கக் கூடாது. ஆகவே கணக்குக்குள் உங்களால் நுழைய முடிகிறது, கோடு பேனலிலேயே திரையில் கிடைக்கிறது என்றால், செத்துப்போன இமெயில் டிரான்ஸ்ஃபருக்குத் தடையே இல்லை. முதலில் டொமைனை நகர்த்திவிட்டு, புதிய இடத்தில் பெயரையும் இமெயிலையும் மாற்றிக்கொள்ளலாம். அங்கே 60 நாள் தடை வந்தால் வரட்டும், அங்கேதானே இருக்கப் போகிறீர்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது. அது ஊழியரின் சொந்த இமெயிலாக இருந்து, அவர் இன்னும் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால், டிரான்ஸ்ஃபர் கடிதம் அவருக்குத்தான் போயிருக்கும். அதிலுள்ள இணைப்பை அழுத்தி அவர் ரத்தும் செய்திருக்கலாம். அப்படிப்பட்ட பெயரைப் பதிவிலிருந்து எடுத்தது சரிதான். காலாவதிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது எடுத்ததுதான் சிக்கலாகிவிட்டது. ஒன்று கவனியுங்கள், நீங்கள் புதிதாகப் போட்ட இமெயில் இதே டொமைனில் உள்ளதாக இருக்க வேண்டாம். டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும், அப்போது டொமைனை மீட்பதற்கான கடிதத்தையே உங்களால் திறக்க முடியாது. ஆனால் இப்போது போய் அதை மாற்றினால் மறுபடி 60 நாள் முதலிலிருந்து தொடங்கும். டிரான்ஸ்ஃபர் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, லாக்கை எடுத்தும் கோடு கொடுத்தும் ஏன் நிராகரித்தார்கள் என்பது. பேனலில் நீங்கள் அணைத்த லாக் வேறு, ஆத் கோடு வேறு, இந்த 60 நாள் தடை வேறு. ஒன்றைத் திறந்தால் மற்றொன்று திறக்காது. எல்லா .com பெயர்களின் மையப் பதிவேட்டையும் வைத்திருக்கும் நிறுவனம்தான் ரெஜிஸ்ட்ரி; கோடு என்பது அங்கே உங்கள் டொமைனுக்கென்று வைக்கப்பட்டிருக்கும் கடவுச்சொல். சில பேனல்களில் இபிபி கோடு என்றும் இருக்கும். புதிய ரெஜிஸ்ட்ரார் ரெஜிஸ்ட்ரியிடம் “இந்த டொமைனை எனக்கு மாற்று, கோடு இதோ” என்று ஒரு கட்டளை அனுப்புகிறார். ரெஜிஸ்ட்ரி இரண்டைப் பார்க்கிறது. டொமைனின் நிலையில் மாற்றத்துக்குத் தடை இருக்கிறதா? கோடு பொருந்துகிறதா? தடை இருந்தால் கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் கட்டளை அங்கேயே திரும்பிவிடும்.

எது காரணம் என்பதைப் பிழைச் செய்தியிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். 2304 என்ற எண்ணோடு `Object status prohibits operation` என்று வந்தால் நிலையில் தடை. 2202 என்ற எண்ணோடு `Invalid authorization information` என்று வந்தால் கோடு தவறு. புதிய ரெஜிஸ்ட்ராரின் இணையப் பக்கம் இவற்றை மறைத்து வெறுமனே “தோல்வி” என்று காட்டலாம். அவர்களின் சேவைப் பிரிவிடம் ரெஜிஸ்ட்ரி கொடுத்த எண் என்ன என்று கேளுங்கள், அவர்களுடைய பதிவேட்டில் அது இருக்கும். மூன்றாவது வகையும் உண்டு. டொமைன் `pendingTransfer` நிலைக்குப் போய், சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ரெஜிஸ்ட்ரி ஏற்றுக்கொண்டது, ஆனால் பழைய ரெஜிஸ்ட்ரார் மறுத்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம். அந்த இடத்தில் அவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

உங்கள் டொமைனின் நிலையை நீங்களே பார்க்கலாம். lookup.icann.org பக்கத்தில் டொமைனைத் தட்டுங்கள், அல்லது கமாண்ட் லைனில் `whois` ஓட்டுங்கள். அநேகமாக இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Domain Status: clientTransferProhibited https://icann.org/epp#clientTransferProhibited
```

இதில் குழப்பம் ஒன்று உண்டு. பேனலில் நாம் போடும் சாதாரண லாக்குக்கும் இதே வரிதான், பதிவுதாரர் மாற்றத்தால் வந்த 60 நாள் தடைக்கும் பல ரெஜிஸ்ட்ரார்கள் இதே வரியைத்தான் பயன்படுத்துகிறார்கள். வரியைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. வித்தியாசம் நடத்தையில் தெரியும். சாதாரண லாக்கைப் பேனலில் அணைத்தால் இந்த வரி சீக்கிரமே காணாமல் போகும். அணைத்த பிறகும் வரி அப்படியே இருந்தாலோ, அணைக்கும் பொத்தானே மங்கிக் கிடந்தாலோ அது தடைக்காலம். `client` என்று தொடங்குவது ரெஜிஸ்ட்ரார் போட்டது. `serverTransferProhibited` என்று இருந்தால் அது ரெஜிஸ்ட்ரியே போட்டது. தகராறு வழக்கிலோ, கூடுதல் பாதுகாப்புக்காகக் கேட்டு வாங்கியபோதோ அது வரும். அதை உங்கள் பேனலில் எடுக்க முடியாது. உங்களுக்கு அது இருக்க வாய்ப்பில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். .com டிரான்ஸ்ஃபருக்குக் கட்டும் கட்டணம் வெறும் இடமாற்றக் கூலி அல்ல. அதற்கு ஒரு வருடம் சேர்கிறது, அதுவும் இருக்கும் காலாவதி நாளின் மேல்தான் சேர்கிறது. ஆகவே நீங்கள் இப்போது புதுப்பித்தால் காலாவதி 2027 ஏப்ரல் 10 ஆகும். மே மாதம் டிரான்ஸ்ஃபர் செய்தால் 2028 ஏப்ரல் 10 ஆகும். இரண்டு முறை கட்டியிருப்பீர்கள், இரண்டு வருடம் கையில் இருக்கும். அடுத்த வருடம் கட்ட வேண்டியதை முன்கூட்டியே கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். ஒரு டொமைனை அதிகபட்சம் 10 வருடத்துக்குத்தான் முன்பதிவு செய்து வைக்கலாம் என்ற வரம்பு இருக்கிறது. அது உங்களைத் தொடாது.

வீணாகும் வழி இன்னொன்று. ஏப்ரல் 10 வரை கட்டாமல் விட்டீர்கள் என்று வையுங்கள். அன்று .com ரெஜிஸ்ட்ரி அந்த டொமைனை அழிப்பதில்லை. தானாகவே ஒரு வருடம் நீட்டித்து, அதற்கான தொகையை ரெஜிஸ்ட்ராரின் கணக்கில் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு 45 நாள் சலுகைக் காலம். அதற்குள் ரெஜிஸ்ட்ரார் டொமைனை அழித்தாலோ, டொமைன் வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போனாலோ, பிடித்த தொகையை ரெஜிஸ்ட்ரி திருப்பிக் கொடுத்துவிட்டு, நீட்டித்த அந்த வருடத்தையும் எடுத்துவிடும். இப்போது நீங்கள் ஏப்ரல் 15 அன்று பதறிப்போய்ப் பழைய இடத்தில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டுகிறீர்கள். ரெஜிஸ்ட்ரி ஏற்கெனவே நீட்டித்துவிட்டதால், ரெஜிஸ்ட்ரார் புதிதாக ஒன்றும் செய்யாமல் அந்த நீட்டிப்பையே உங்களுக்குக் கணக்கு வைப்பார். மே 3 அன்று டிரான்ஸ்ஃபர் தொடங்கி மே 8-இல் முடிகிறது. ஏப்ரல் 10-லிருந்து 45 நாள் என்றால் மே 25. நீங்கள் அதற்குள் நகர்ந்துவிட்டீர்கள். நீட்டித்த வருடம் கழிக்கப்படும், டிரான்ஸ்ஃபர் வருடம் சேரும். இரண்டு வருடத்துக்குக் கட்டியும் காலாவதி 2027 ஏப்ரல் 10-தான். ரெஜிஸ்ட்ரி கொடுத்த தொகை பழைய ரெஜிஸ்ட்ராருக்குப் போனது. அதை அவர் உங்களுக்குத் திருப்பித் தருவாரா என்பது அவருடனான உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கேட்காமல் தருகிறவர்கள் குறைவு.

காலாவதிக்கு முன்பே புதுப்பித்தால் இந்தச் சுழலே வராது. ரெஜிஸ்ட்ரார் ரெஜிஸ்ட்ரிக்குப் புதுப்பிப்புக் கட்டளை அனுப்புவார், காலாவதி நாள் அப்போதே 2027-க்கு நகரும், ஏப்ரல் 10 அன்று தானியங்கி நீட்டிப்பு நடக்க அங்கே ஒன்றும் இருக்காது. கட்டளை உண்மையிலேயே போனதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பணம் கட்டிய சில மணி நேரம் கழித்து, ஏப்ரல் 10-க்கு முன்பாகவே, மறுபடி தேடினால் இந்த வரி இப்படி இருக்க வேண்டும்:

```
Registry Expiry Date: 2027-04-10T06:12:45Z
```

மணி, நிமிடம் உங்களுடையது வேறாக இருக்கும், ஆண்டு 2027 ஆகியிருந்தால் போதும். ஏப்ரல் 10-க்குப் பிறகு பார்த்தால் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை, ஏனென்றால் யாரும் கட்டாவிட்டாலும் தானியங்கி நீட்டிப்பால் அது 2027 என்றே காட்டும். அதே பக்கத்தில் `Registrar Registration Expiration Date` என்று இன்னொரு வரி இருக்கும். அது ரெஜிஸ்ட்ரார் தன் கணக்கில் வைத்திருக்கும் நாள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. பணம் கட்டியும் முதல் வரி நகரவில்லை என்றால் உடனே ரசீதோடு கேளுங்கள்.

ஏற்கெனவே காலாவதிக்குப் பிறகு கட்டிவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு வழி எளிது. 45 நாள் முடிந்த பிறகு டிரான்ஸ்ஃபரைத் தொடங்குங்கள், வருடம் போகாது.

“மே 2 வரை கட்டாமலே விட்டுவிட்டு, சலுகைக் காலத்திலேயே நேராக டிரான்ஸ்ஃபர் செய்தால் ஒரு கட்டணத்தோடு முடியுமே” என்று உங்களுக்குத் தோன்றலாம். கணக்கில் அது சரி. ஆனால் ஏப்ரல் 10-லிருந்து மே 2 வரை 22 நாள் டொமைன் காலாவதியான நிலையில் கிடக்கும். பல ரெஜிஸ்ட்ரார்கள் காலாவதியான சில நாளிலேயே டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரைத் தங்கள் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள், தளமும் மெயிலும் நிற்கும். அந்த 45 நாள் முழுவதையும் உங்களுக்குத் தர வேண்டும் என்றும் ரெஜிஸ்ட்ராருக்குக் கட்டாயம் இல்லை. முன்கூட்டியே அழிக்கலாம், ஏலத்துக்கும் விடலாம். அழித்துவிட்டால் 30 நாள் மீட்புக் காலம் தொடங்கும். மீட்பதற்கு வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள், அந்த நிலையில் டிரான்ஸ்ஃபரும் நடக்காது. ஒரு வருடக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நிறுவனத்தின் மெயிலைப் பணயம் வைக்க நான் சொல்லமாட்டேன்.

புதிய ரெஜிஸ்ட்ராரிடம் மார்ச்சில் கட்டிய பணத்தை மறக்காதீர்கள். தோல்வியடைந்த டிரான்ஸ்ஃபருக்கு வருடம் எதுவும் சேரவில்லை, ஆகவே திருப்பிக் கேட்கலாம். அல்லது மே மாத முயற்சிக்கு அதையே வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

மே 2 என்று சொன்னதற்காக அன்று நள்ளிரவிலேயே உட்கார வேண்டாம். இந்த நேரங்கள் யூடிசி கணக்கில் ஓடும், நள்ளிரவை ஒட்டித் தொடங்கினால் மறுபடி 2304 வாங்குவீர்கள். ஓரிரு நாள் விட்டுத் தொடங்குங்கள். முதலில் பேனலில் லாக்கை அணையுங்கள். அப்புறம் lookup.icann.org பக்கத்தில் அந்த `clientTransferProhibited` வரி போய்விட்டதா என்று பாருங்கள். போன பிறகுதான் கோடு வாங்க வேண்டும். மார்ச்சில் வாங்கிய கோடை நம்பாதீர்கள். பல ரெஜிஸ்ட்ரார்கள் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் புதிய கோடை உருவாக்கி ரெஜிஸ்ட்ரியில் பதிவதால் பழையது செல்லாது. சிலர் குறிப்பிட்ட நாளில் கோடைக் காலாவதியாக்கிவிடுவார்கள். கோடில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, குறியீடுகள் எல்லாம் கலந்திருக்கும், அவை அப்படியே பொருந்த வேண்டும். மெயிலிலிருந்து நகலெடுக்கும்போது கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வெற்றிடமே 2202 பிழைக்குப் போதும். எந்த நிலையிலும் இந்தக் கோடை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். லாக் அணைந்திருக்கும் நேரத்தில் கோடு கையில் இருப்பவர் டொமைனை எடுத்துக்கொண்டு போகலாம்.

பணம் கட்டியதும் நிலை `pendingTransfer` ஆகும். பழைய ரெஜிஸ்ட்ராரின் கடிதம் இப்போது உங்களுக்கு வரும். அது ரத்து செய்வதற்கான கடிதம், ஆகவே அவசரத்தில் தவறான இணைப்பை அழுத்திவிடாதீர்கள். சில பேனல்களில் உடனே ஒப்புக்கொள்ளும் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இல்லையென்றால் ஐந்து நாள் பொறுத்தால் தானாக முடியும். இந்த ஐந்து நாளைத் தாமதம் என்று நினைத்துப் பலர் நடுவில் ரத்து செய்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள், அப்போது ஐந்து நாளும் மறுபடி முதலிலிருந்து.

தளமும் மெயிலும் நிற்குமா என்பதற்கான பதில், டொமைன் பெயரைத் தளத்தோடும் மெயிலோடும் இணைக்கும் உங்கள் டிஎன்எஸ் எங்கே ஓடுகிறது என்பதில் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரார் மாறும்போது நேம்சர்வர்கள் தானாக மாறுவதில்லை, பழையவையே தொடரும். முதலில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
dig NS example.com +short
```

வரும் பெயர்கள் வேறு நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையுடையவை என்றால் கவலையே இல்லை, டிரான்ஸ்ஃபர் நடந்ததே வாசகர்களுக்குத் தெரியாது. பழைய ரெஜிஸ்ட்ராரின் பெயர்களாக இருந்தால் கவனம் தேவை. டொமைன் கையைவிட்டுப் போனதும் அவர் தன் இலவச டிஎன்எஸ்ஸை நிறுத்திவிடலாம். நேம்சர்வர் மாற்றத்துக்கு 60 நாள் தடை பொருந்தாது, அதனால் காத்திருக்கும் இந்த வாரங்களையே இதற்குப் பயன்படுத்துங்கள். புதிய இடத்தில் எல்லாப் பதிவுகளையும் அப்படியே எழுதி வையுங்கள். தளத்துக்கான பதிவை யாரும் மறப்பதில்லை. மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவும், அதோடு இருக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் எழுத்துப் பதிவுகளும்தான் விட்டுப்போகும். அவை இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பும் மெயில் ஸ்பாமில் போய் விழும். எழுதி முடித்ததும் பழைய பேனலில் நேம்சர்வரை மாற்றுங்கள். .com ரெஜிஸ்ட்ரி கொடுக்கும் நேம்சர்வர் தகவலை மற்ற சர்வர்கள் இரண்டு நாள் வரை நினைவில் வைத்திருக்கும், அந்த இரண்டு நாளும் பழைய டிஎன்எஸ் உயிரோடு இருக்க வேண்டும். அதன் பிறகுதான் டிரான்ஸ்ஃபர். டிஎன்எஸ் பதிவுகளைக் கையொப்பத்தால் பாதுகாக்கும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால், நேம்சர்வரைத் தொடுவதற்கு முன்பே டிஎஸ் பதிவை நீக்கிவிட்டு ஒரு முழு நாளாவது விடுங்கள். இல்லையென்றால் கையொப்பம் பொருந்தாமல் பலருக்குத் தளமே திறக்காது, உங்கள் கணினியில் மட்டும் திறந்துகொண்டிருக்கலாம். மெயில் பெட்டிகளையே பழைய ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கியிருந்தால் அது தனிச் சந்தா. டொமைன் போனாலும் அது தொடருமா என்று கேட்டு வையுங்கள்.

மே மாதம் பழைய ரெஜிஸ்ட்ரார் உண்மையிலேயே முரண்டு பிடித்தால் என்ன செய்வது? லாக்கை எடுக்கவும் கோடு தரவும் ரெஜிஸ்ட்ராருக்கு உள்ள அவகாசம், நீங்கள் கேட்டதிலிருந்து ஐந்து நாள். அடுத்த வருடக் கட்டணம் கட்டவில்லை என்று சொல்லி மறுக்கக் கூடாது. மோசடி சந்தேகம், பதிவுதாரர் யார் என்பதில் தகராறு, முடிந்துபோன காலத்துக்கான பாக்கி, நீதிமன்ற உத்தரவு போன்றவைதான் செல்லும் காரணங்கள். முதல் பதிவுக்கோ முந்தைய டிரான்ஸ்ஃபருக்கோ பிறகான 60 நாளும் உண்டு, ஐந்து வருடம் ஒரே இடத்தில் இருந்த டொமைனுக்கு அது பொருந்தாது. இவற்றில் எதுவும் இல்லாமல் மறுத்தால் icann.org தளத்தில் டிரான்ஸ்ஃபர் புகாருக்கென்று படிவம் இருக்கிறது. கடிதப் போக்குவரத்தைத் தேதியோடு இணைத்து அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். நீங்கள் பணம் கட்டும் நிறுவனம் மறுவிற்பனையாளராக மட்டும் இருக்கலாம். தேடல் முடிவில் `Registrar:` என்ற வரியில் இருக்கும் பெயர்தான் பொறுப்பாளி, மறுவிற்பனையாளர் பதில் சொல்லாவிட்டால் அவரிடம் நேராகப் போகலாம்.

இவையெல்லாம் பொது டொமைன்களுக்கான விதிகள். நாட்டுக் குறியீட்டு டொமைன் ஏதும் உங்களிடம் இருந்தால் அதற்கு அந்தந்த நாட்டு ரெஜிஸ்ட்ரியின் விதிதான். காத்திருப்பு, கோடு, டிரான்ஸ்ஃபரோடு வருடம் சேர்வது எல்லாமே அங்கே வேறாக இருக்கலாம்.

டிரான்ஸ்ஃபர் முடிந்த அன்று `Registry Expiry Date` 2028 ஏப்ரல் என்று காட்டுகிறதா என்று பார்த்து, புதிய பேனலில் லாக்கைப் போட்டுவிடுங்கள். அங்கிருந்து அடுத்த 60 நாளுக்குத் திரும்பவோ வேறெங்கும் நகரவோ முடியாது, ஆகவே புதிய ரெஜிஸ்ட்ராரின் புதுப்பிப்புக் கட்டணத்தையும் சேவையையும் மே மாதத்துக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் வருடச் சலுகை விலையை மட்டும் பார்த்துப் போனவர்கள் அடுத்த ரசீதில் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். பழைய கணக்கில் சேமித்து வைத்த கார்டை எடுத்துவிடுங்கள், ஆனால் கணக்கை உடனே மூடாதீர்கள். ரசீதுகளும் பதிவுதாரர் மாற்றம் நடந்த தேதியும் அங்கேதான் இருக்கின்றன, அவற்றை இறக்கிவைத்த பிறகு மூடலாம்.